மொட்டை மாடிக் காய்கறித் தோட்டம்: செலவு மதிப்பீடு

வணக்கம் அக்கா,

ஞாயிற்றுக்கிழமை மாடியைப் பார்த்துவிட்டு வந்தபின் அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு இது. நான்கு பேர் வீட்டுக்குக் கீரையும் மிளகாயும் பெரும்பாலும் வெளியே வாங்காமல், மற்ற காய்கள் வாரத்தில் மூன்று நாலு நாள் சமையலுக்குக் கிடைத்தால் போதும் என்றீர்கள். அதற்குத் தகுந்த அளவுதான் இது. தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே இருக்கும் 20 அடிக்கு 10 அடி இடத்தில் 27 பைகள். மீதி மாடி துணி காயப்போட அப்படியே இருக்கும்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தளம் தாங்குமா? நனைந்த மண்கலவை சுமார் 1,080 கிலோ, செங்கல் சுமார் 270 கிலோ. இதை 200 சதுர அடிக்குப் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 70 கிலோ சொச்சம் வருகிறது. ஆள் நடமாடும் மொட்டை மாடியைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமைக்குக் கணக்கிட்டுத்தான் கட்டுவார்கள். ஆனால் எல்லாப் பைகளையும் தளத்தின் நடுவில் குவித்தால் இந்தக் கணக்கு செல்லாது. பெரிய பைகள் நான்கும் கைப்பிடிச் சுவர் ஓரமாக, கீழே சுவர் வரும் இடத்தில் நிற்கும். பந்தலும் அங்கேதான். மழைநீர்க் குழாய் வாயருகே மூலையில் ஒரு விரிசல் பார்த்தேன். அதை அடைக்கும் செலவு இந்த மதிப்பீட்டில் இல்லை, ஆனால் பைகளை ஏற்றுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். பிறகு கசிந்தால் தோட்டத்தின் மேல்தான் பழி வரும்.

பைகள்

15க்கு 15 அங்குல ஹெச்.டி.பி.இ. க்ரோ பேக் 20, ஒன்று ரூ.75 வீதம் ரூ.1,500. கொடிகளுக்கு 18க்கு 18 அங்குலப் பை 4, ரூ.120 வீதம் ரூ.480. கீரைக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்பது அங்குல ஆழமுள்ள பாத்திப் பை 3, ரூ.300 வீதம் ரூ.900. ஒவ்வொரு சிறிய, பெரிய பைக்கும் மூன்று செங்கல், பாத்திக்கு ஆறு என 90 செங்கல், ரூ.10 வீதம் ரூ.900. ஆக ரூ.3,780.

மண் தொட்டிதான் அழகு என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அழகுதான். ஆனால் இதே அளவு மண் தொட்டி பையைப்போல் மூன்று நான்கு மடங்கு விலை, எடையும் கூடும், மாடி வெயிலில் பக்கவாட்டில் தண்ணீரும் சீக்கிரம் காயும். வாசலில் இரண்டு வைத்துக்கொள்ளலாம், மேலே வேண்டாம். செங்கல் எதற்கு என்று அண்ணன் கேட்பார். பைக்கு அடியில் காற்று போனால்தான் கூலிங் டைல்ஸ் காயும். குப்பை தேங்காமல் பெருக்கலாம், கசிவு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

மண்

நான் குறைக்க விரும்பாத இடம் இதுதான். சிறிய பைக்கு 35 லிட்டர், பெரியதற்கு 62, பாத்திக்கு 84 என்று மொத்தம் 1,200 லிட்டர் கலவை வேண்டும். பொருள்களைக் கலக்கும்போது ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்து அளவு குறையும். அதனால் 1,320 லிட்டருக்கு வாங்க வேண்டும்.

செம்மண் 400 லிட்டர், 10 மூட்டை × ரூ.80 = ரூ.800
கோகோபீட் 5 கிலோ கட்டை 8 × ரூ.160 = ரூ.1,280
மண்புழு உரம் 100 கிலோ × ரூ.12 = ரூ.1,200
மட்கிய தொழுஉரம் 140 கிலோ × ரூ.5 = ரூ.700
வேப்பம் பிண்ணாக்கு 10 கிலோ × ரூ.40 = ரூ.400
வேரழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்கள் ட்ரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் தலா 1 கிலோ = ரூ.300
ஆக ரூ.4,680

ஒரு கட்டை ஊறினால் 65 லிட்டர் வரும் என்று வைத்திருக்கிறேன். கட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, டீ டிக்காஷன் நிறத்தில் வடியும் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை அலசித்தான் கலப்போம். கோகோபீட்டில் இருக்கும் உப்பு உள்ளே தங்கினால் நாற்றின் இலை ஓரம் கருகும். வெள்ளை டைல்ஸில் கறை படியும் என்பதால் இந்த வேலையைக் கீழே பின்கட்டில் வைத்துக்கொள்கிறோம். தொழுஉரம் உண்மையிலேயே மட்கியதா என்று கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன். பொலபொலவென்று உதிர வேண்டும், சாண வாடையோ சூடோ இருக்கக் கூடாது. பச்சைச் சாணம் இதைவிட மலிவாகக் கிடைக்கும், வேரை வேகவைத்துவிடும்.

"ரெடிமிக்ஸ்" மூட்டை வாங்கினால் அலைச்சல் மிச்சம். ஆனால் பலவற்றில் கோகோபீட்தான் முக்கால்வாசி இருக்கும். ஆரம்பத்தில் செடி தளதளவென்று வளரும், காய் பிடிக்கும் நேரத்தில் சத்து இல்லாமல் வெளிறிப்போகும்.

விதை, நாற்று

தக்காளி 6 பை, கத்தரி 4, மிளகாய் 4. இவை 14க்கும் குழித்தட்டு நாற்று. செத்துப்போவதற்கு மாற்றாக நான்கு சேர்த்து 18 × ரூ.5 = ரூ.90. வெண்டை 4 பை, கொத்தவரை 2 பை, பாகல் இரண்டு, புடல் ஒன்று, பீர்க்கு ஒன்று, இரண்டு வகைக் கீரை, கொத்தமல்லி எல்லாம் நேரடி விதைப்பு. 8 பாக்கெட் × ரூ.30 = ரூ.240. மொத்தம் ரூ.330. எல்லோரும் ஆசையாகப் போய் வாங்குவது இதைத்தான், முழு மதிப்பீட்டில் மிகக் குறைந்த தொகையும் இதுதான்.

கொடிப் பந்தல்

சவுக்குக் கம்பு 6 × ரூ.120 = ரூ.720, நைலான் வலை ரூ.250, கயிறு ரூ.80, சிமென்ட், ஜல்லி ரூ.330. ஆக ரூ.1,380. தளத்தில் ஓட்டை போட மாட்டோம். உங்கள் வீட்டிலுள்ள பழைய பெயின்ட் பக்கெட் நான்கில் கான்கிரீட் ஊற்றி அதில் கம்பை நிறுத்துவோம்.

சொட்டுநீர்

16 மி.மீ. லேட்டரல் 40 மீட்டர் × ரூ.12 = ரூ.480
4 மி.மீ. மைக்ரோ டியூப் 25 மீட்டர் × ரூ.5 = ரூ.125
8 லிட்டர் ட்ரிப்பர் 40 × ரூ.5 = ரூ.200
ஃபில்டர் ரூ.350, பால் வால்வு ரூ.120
டேக்ஆஃப், எல்போ, எண்ட் கேப், பஞ்ச் ரூ.225
ஆக ரூ.1,500

கடையில் எல்லோருக்கும் 4 லிட்டர் ட்ரிப்பரைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ட்ரிப்பரில் போட்டிருக்கும் மணிக்கு 4 லிட்டர் என்ற கணக்கு 1 பார் அழுத்தத்துக்கு. உங்கள் தொட்டியிலிருந்து ட்ரிப்பர் வரை, தண்ணீர் மட்டத்தையும் சேர்த்தால், ஐந்தடி உயரம்தான் கிடைக்கிறது. அது 0.15 பார். அந்த அழுத்தத்தில் 4 லிட்டர் ட்ரிப்பர் ஒன்றரை லிட்டர்தான் சொட்டும். அதனால்தான் 8 லிட்டர். அது மணிக்கு மூன்று லிட்டர் கொடுக்கும், நாற்பது நிமிடம் திறந்தால் சிறிய பைக்கு 2 லிட்டர் போய்ச் சேரும். பெரிய பைக்கும் பாத்திக்கும் இரண்டிரண்டு ட்ரிப்பர். 34 தேவை, ஆறு கைவசம் இருக்கட்டும். கோடை உச்சத்தில் ஒரு நாளைக்கு மொத்தமே 68 லிட்டர், மூன்று நாலு குளியல் தண்ணீர்.

ஃபில்டர் வேண்டாம் என்று ரூ.350 மிச்சம் பிடிக்காதீர்கள். தொட்டியின் பாசி ஒரே மாதத்தில் பாதி ட்ரிப்பரை அடைத்துவிடும்.

ஊருக்குப் போகும்போது டைமர் வேண்டுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். சுமார் ரூ.2,200 ஆகும், இதில் சேர்க்கவில்லை. வாங்குவதானால் பால் வால்வு வகைதான் வாங்க வேண்டும். சோலனாய்டு வகை பலவும் திறந்து மூட நல்ல அழுத்தம் கேட்கும், தொட்டித் தண்ணீருக்கு ஒத்துவராது.

கருவிகள், கூலி

கைக்கொத்து, கரண்டி, கத்தரிக்கோல், 2 லிட்டர் ஸ்பிரேயர் ரூ.600. வண்டி வாடகை ரூ.900. லிஃப்ட் இல்லாததால் மூன்று மாடிப்படி ஏற்ற இரண்டு ஆள் ஒரு நாள், ரூ.1,800. தொட்டியில் இணைப்பு கொடுக்கப் பிளம்பர் ரூ.600. கலவை, நடவு, சொட்டுநீர் பொருத்துவது, பதினைந்தாம் நாள் வந்து பார்ப்பது எல்லாம் சேர்த்து எங்கள் கூலி ரூ.2,500. கூலி, வாடகை மட்டும் ரூ.5,800. செம்மண்ணின் விலையைவிட அதை மேலே ஏற்றும் கூலி இரண்டு மடங்குக்கு மேல் என்று சிரிக்காதீர்கள், மாடித் தோட்டம் என்றால் அப்படித்தான்.

பைகள், செங்கல் ரூ.3,780
மண்கலவை ரூ.4,680
விதை, நாற்று ரூ.330
பந்தல் ரூ.1,380
சொட்டுநீர் ரூ.1,500
கருவிகள் ரூ.600
கூலி, வாடகை ரூ.5,800
எதிர்பாராத செலவு ரூ.900
மொத்தம் ரூ.18,970

பாதி மட்டும் முதலில் போடலாமே என்று அண்ணன் சொன்னார். போடலாம். 12 பை, 2 பாத்தி என்றால் எதிர்பாராத செலவு நீங்கலாக ரூ.11,600 வரும். பாதித் தோட்டத்துக்குப் பாதிச் செலவு ஆகாததற்குக் காரணம், வண்டி, பிளம்பர், ஃபில்டர், கருவிகள் எல்லாம் எப்படியும் முழுதாக வேண்டும். தினமும் மாடிக்கு ஏறிப்போக நேரம் இருக்குமா என்ற சந்தேகம் உங்களுக்கே இருந்தால் பாதியே நல்லது. செலவைக் குறைக்க மட்டும் என்றால் வேறு வழி இருக்கிறது: செங்கல் பழையது கிடைத்தால் ரூ.900 மிச்சம், மண்ணை உங்கள் பிள்ளைகள் இருவரும் ஏற்றினால் ரூ.1,800 மிச்சம்.

மாதச் செலவு

மண்புழு உரம் 8 கிலோ, சில்லறையில் ரூ.120. வேப்பம் பிண்ணாக்கு ஒன்றரை கிலோ ரூ.60. பஞ்சகவ்யம் அல்லது மீன் அமிலம் ரூ.75. வேப்பெண்ணெய் ரூ.60. மஞ்சள் ஒட்டும் அட்டை ரூ.25. மறு விதைப்புக்குச் சராசரியாக ரூ.80. ட்ரிப்பர், டியூப் தேய்மானம் ரூ.40. மோட்டார் கரண்ட் ரூ.20. இவை ரூ.480. இதோடு ரூ.130 தனியே எடுத்து வையுங்கள். பைகள் மூன்று வருடத்தில் வெயிலில் நைந்துபோகும் என்றே கணக்குப் போடுகிறேன். கலவையும் வருடாவருடம் கொஞ்சம் இறங்கும், மேலே நிரப்ப வேண்டும். ஆக மாதம் ரூ.610. வாடிக்கையாக எங்கள் ஆள் வர வேண்டுமானால் ஒரு முறைக்கு ரூ.500, அது தனி.

முதல் மாதம் செலவு மட்டும்தான். கீரை 25, 30 நாளில் அறுக்கலாம். வெண்டை ஒன்றரை மாதம், தக்காளி நட்டபின் இரண்டு மாதத்துக்கு மேல். காய்க்கடைச் செலவு குறைவதை வைத்து இந்த ரூ.18,970 சீக்கிரம் திரும்பிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மாதச் செலவை எடுக்கும், கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். கோடையில் நிழல்வலை தேவைப்படலாம், அதை இரண்டு மூன்று மாதம் செடிகளைப் பார்த்தபின் முடிவு செய்வோம். இப்போதே இரும்புச் சட்டம் அடிப்பது வீண்.

இந்த விலைகள் இன்றிலிருந்து 15 நாள் செல்லும். பொருள் வாங்க ரூ.10,000 முன்பணம், மீதி நடவு முடிந்த அன்று. சரி என்றால் இரண்டு நாள் முன்னால் ஒரு போன் போதும். சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஞாயிறு மாலைக்குள் தண்ணீர் திறந்து காட்டிவிடுவோம். விரிசல் வேலை முடிந்து நான்கைந்து நாளாவது காய்ந்திருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.