வார்டு கருத்தரங்கு: காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்த 46 வயதுப் பெண்

பொது மருத்துவப் பிரிவு, பெண்கள் வார்டு. வழங்குபவர் பயிற்சி மருத்துவர். மொத்தம் 20 நிமிடம்: நோயாளி விவரம் 12 நிமிடம், கலந்துரையாடல் 8 நிமிடம்.

தொடக்கம் (0 – 1 நிமிடம்)

பேராசிரியர் அவர்களுக்கும், உதவிப் பேராசிரியர்களுக்கும், முதுநிலை மாணவர்களுக்கும், செவிலியர் சகோதரிகளுக்கும், சக பயிற்சி மருத்துவர்களுக்கும் வணக்கம். கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் 46 வயதுப் பெண்மணி, ஆறு நாள் காய்ச்சலும் ஒரு நாள் மூச்சுத்திணறலுமாக நம் வார்டுக்கு வந்தார். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. பின்னால் காட்டவிருக்கும் ஒரே புகைப்படமும் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதத்துடன், முகம் தெரியாமல் எடுக்கப்பட்டது. நோயின் பெயரை ஏழாவது நிமிடத்தில்தான் சொல்வேன். எங்களுக்கு அது எந்த வரிசையில் தெரியவந்ததோ அதே வரிசையில் நீங்களும் கேட்டால்தான், எந்த இடத்தில் நாங்கள் பார்க்கத் தவறினோம் என்பது விளங்கும்.

நோய் வரலாறு (1 – 3½ நிமிடம்)

முதல் நாள் மாலை வேலை முடிந்து வந்தவருக்குக் குளிருடன் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. அவர் சொற்களிலேயே சொன்னால், "தலை ரெண்டாப் பொளக்கிற மாதிரி வலி, கண்ணுக்குள்ளாற வலி, இடுப்புக்குக் கீழ காலு தூக்க முடியல." மூன்றாம் நாள் ஒரு மருந்துக்கடையில் பாராசிட்டமாலும் செஃபிக்சிம் மாத்திரையும் வாங்கி மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரை சாப்பிட்ட இரண்டு மணி நேரம் வியர்த்துக் குறைந்த காய்ச்சல், பிறகு முன்பைவிட அதிகமாகியிருக்கிறது. ஐந்தாம் நாள் வறட்டு இருமல் தொடங்கியது. ஆறாம் நாள் காலையில் லயன் வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியதால், மகன் ஜீப் பிடித்து அழைத்து வந்தார்.

வாந்தி ஒருமுறை. வயிற்றுப்போக்கு, ரத்தக்கசிவு, மஞ்சள் சிறுநீர், வலிப்பு எதுவும் இல்லை. சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இதுவரை கண்டறியப்படவில்லை. மது, புகையிலைப் பழக்கம் இல்லை. வெற்றிலை போடுவார், புகையிலை சேர்க்காமல். காய்ச்சலுக்கு எட்டு நாள் முன்பு மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டுச் சடங்குக்குப் போய் இரண்டு இரவு தங்கியிருக்கிறார். இந்த ஒரு தகவல்தான் முதலில் எங்கள் கவனத்தைச் சமவெளிப் பக்கம், டெங்குவை நோக்கி இழுத்தது.

தொழிலைப் பற்றி நான் எழுதியது "தேயிலைத் தொழிலாளி" என்ற இரண்டே சொற்கள். பிறகு மறுநாள் உட்கார்ந்து கேட்டபோதுதான் மற்றவை தெரிந்தன. மழை விட்ட நாட்களில் தோட்டத்துக்கும் சோலைக்கும் இடைப்பட்ட உண்ணிச்செடிப் புதரில் விறகு பொறுக்குகிறார். மதியச் சாப்பாட்டை அந்த ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கட்டிய விறகை மார்போடு அணைத்துத் தூக்கி வருகிறார். நம் மாவட்டத்தின் கிழக்குச் சரிவில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு வரும் காய்ச்சலுக்கு இந்த மூன்று விவரங்களும் ஆய்வக அறிக்கை அளவுக்கு முக்கியமானவை.

பரிசோதனை (3½ – 7 நிமிடம்)

மாலை 4 மணிக்கு அனுமதி. நினைவு தெளிவு, ஆனால் களைப்பு அதிகம். வெப்பநிலை 103 டிகிரி ஃபாரன்ஹீட், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118, ரத்த அழுத்தம் 100/60, சுவாசம் நிமிடத்துக்கு 28, வெளிக்காற்றில் ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம். நாம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இங்கே நலமாக இருப்பவருக்கும் இந்த அளவு சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். 88 என்பதை உயரத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. மூச்சின் வேகத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது நுரையீரலின் குறை. கண் வெண்படலம் சிவந்திருந்தது. மஞ்சள் காமாலை இல்லை. கழுத்து விறைப்பு இல்லை. இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் நுண்ணிய கிரெப்பிடேஷன் ஒலிகள். கல்லீரல் விலா விளிம்புக்குக் கீழே 2 செ.மீ., மண்ணீரல் முனை விரலில் தட்டுப்பட்டது. தோலில் தடிப்பு இல்லை என்று எழுதினேன்.

(இங்கே ஐந்து விநாடி நிறுத்த வேண்டும். அனுமதித் தாளின் நகலைத் திரையில் காட்ட வேண்டும்.)

"தோல்: இயல்பு" என்று இந்தத் தாளில் இருப்பது என் கையெழுத்து. அதை எழுதும்போது நான் பார்த்திருந்த தோல், முகமும் கழுத்தும் முன்கைகளும், ஸ்டெதஸ்கோப் வைப்பதற்காக விலக்கிய முதுகின் ஒரு பகுதியும், வயிறும் மட்டுமே. அன்று வார்டில் கடுங்குளிர். அவர் ரவிக்கைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டரும் சால்வையும் போட்டு, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். நான் ஆண் மருத்துவர். அவருக்குக் கூச்சம், எனக்குத் தயக்கம். திரைச்சீலையை இழுத்து, செவிலியர் ஒருவரைத் துணைக்கு அழைத்து, முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் "இயல்பு" என்று எழுதியது தவறு. பார்க்காத இடத்தை "பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தால்கூட, இரவுப் பணிக்கு வந்த மருத்துவர் அந்தப் பகுதியைப் பார்த்திருப்பார். அந்த ஒற்றைச் சொல் அவரையும் தடுத்துவிட்டது.

மறுநாள் காலை 10 மணிக்குச் செவிலியர் சகோதரி நோயாளிக்கு உடல் துடைத்துவிடும்போது, இடது மார்பகத்தின் அடிமடிப்பில் ஒரு கறுத்த பொருக்கைப் பார்த்து என்னை அழைத்தார்.

(புகைப்படம்.)

ஏறத்தாழ 1 செ.மீ. விட்டம், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த, வறண்ட நடுப்பகுதி, சுற்றிலும் மெல்லிய சிவந்த விளிம்பு, தொட்டால் வலி இல்லை, அரிப்பு இல்லை. அதே பக்கத்து அக்குளில் 1.5 செ.மீ. அளவில் தொட்டால் வலிக்கும் நெறி. விறகுக்கட்டை அணைத்துத் தூக்கும் இடமும் இதுதான். "இது எப்போதிருந்து இருக்கிறது அம்மா?" என்று கேட்டேன். "காய்ச்சலுக்கு முன்னாலயே இருந்துச்சு தம்பி. குச்சி கீறியிருக்கும்னு விட்டுட்டேன். வலிக்கவே இல்லயே, நீங்களும் கேக்கல" என்றார்.

இது எஸ்கார். நோய் ஸ்க்ரப் டைபஸ்.

பரிசோதனை முடிவுகள் (7 – 8½ நிமிடம்)

ஹீமோகுளோபின் 11.2 கிராம், வெள்ளையணுக்கள் 9,800, தட்டணுக்கள் 62,000. ஏஎஸ்டி 148, ஏஎல்டி 112, பிலிருபின் 1.4, ஆல்புமின் 2.8, கிரியாட்டினின் 1.3, சோடியம் 130. மார்பு எக்ஸ்ரேயில் இரு கீழ்ப்பகுதிகளிலும் வலைப்பின்னல் போன்ற நிழல்கள்; இதயத்தின் அளவு இயல்பு. மலேரியா ரத்தப்பூச்சு, டெங்கு என்எஸ்1 மற்றும் ஐஜிஎம், லெப்டோஸ்பைரா ஐஜிஎம் ஆகியவை எதிர்மறை. ரத்தக் கல்ச்சரில் கிருமி வளரவில்லை. ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் எலைசா நேர்மறை. ஆனால் அந்த அறிக்கை வந்தது அனுமதித்த மூன்றாம் நாள். முதல் வாரத்தில் இந்தச் சோதனை எதிர்மறையாகவும் வரலாம் என்பதால், சிகிச்சையை அதற்காகக் காக்க வைக்கக் கூடாது. வெய்ல்–ஃபெலிக்ஸ் சோதனையை நாங்கள் கேட்கவில்லை. அதன் உணர்திறன் குறைவு, எதிர்மறையாக வந்தால் பொய்யான நிம்மதியைத்தான் தரும்.

வேறு எவை இருக்கலாம் என்று எண்ணினோம் (8½ – 9½ நிமிடம்)

தட்டணுக் குறைவும் மேட்டுப்பாளையப் பயணமும் டெங்குவைச் சொன்னாலும், ஆறாம் நாளிலும் குறையாத காய்ச்சலும் ரத்தம் கெட்டிப்படாததும் அதற்கு எதிராக நின்றன. ஈரமண்ணில் வேலை செய்பவர் என்பதால் லெப்டோஸ்பைரோசிஸ் வலுவான போட்டி. கெண்டைக்கால் தசையில் வலி இல்லை, காமாலை இல்லை. டைஃபாய்டில் இவ்வளவு விரைவில் இந்த மூச்சுத்திணறல் அரிது. சாதாரண நிமோனியா, கல்லீரல் நொதிகளையும் தட்டணுக்களையும் மண்ணீரலையும் ஒருசேர விளக்காது. கூடலூர், முதுமலைப் பக்கத்திலிருந்து வந்தவராக இருந்தால் குரங்குக் காய்ச்சலையும் சேர்த்து, காட்டில் குரங்குகள் செத்துக் கிடந்தனவா என்று கேட்டிருப்போம்.

சிகிச்சையும் போக்கும் (9½ – 12 நிமிடம்)

அனுமதித்த மாலை நாங்கள் தொடங்கியது செஃப்ட்ரையாக்சோன் மட்டும். ஓரியன்ஷியா சுத்சுகமுஷி என்ற இக்கிருமி செல்லுக்குள் வாழ்வது. பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைகள் அதில் வேலை செய்யா. வெளியில் அவர் சாப்பிட்ட செஃபிக்சிம் பலிக்காததையே ஒரு தடயமாக எடுத்திருக்க வேண்டிய நாங்கள், அதே குடும்பத்து ஊசியைத் தொடர்ந்தோம். சரியான மருந்து போனது மறுநாள் காலை 11 மணிக்கு, அதாவது 19 மணி நேரம் கழித்து.

நுரையீரல் பாதிப்பு இருந்ததால் டாக்சிசைக்கிளின் 100 மி.கி. இருவேளையும், அசித்ரோமைசின் 500 மி.கி. ஒருவேளையும் நரம்பு வழியாக ஏழு நாள் கொடுக்கப் பேராசிரியர் முடிவெடுத்தார். அதற்கு அடிப்படை 2023இல் இந்தியாவிலிருந்து வெளியான, கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு. மரணம், ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, இரு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கும், டாக்சிசைக்கிளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதத்தினருக்கும், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. மரணத்தை மட்டும் தனியே எடுத்தால் மூன்று பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; இதை மறைத்துச் சொல்வது சரியல்ல. சிக்கல் இல்லாத நோயாளிக்கு ஒரு மருந்தே போதும்.

முகமூடி வழியாக நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் கொடுத்தோம். ரத்த நாளங்கள் கசியும் நோய் என்பதால் திரவத்தை அளந்தே ஏற்றினோம். அனுமதித்த இரவு கூடுதலாக ஏற்றிய ஒரு பாட்டில், அவருடைய மூச்சுக்கு உதவியிருக்காது என்பது என் கருத்து. டாக்சிசைக்கிளின் தொடங்கிய 40 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் ஆக்சிஜன் நிறுத்தப்பட்டது. ஆறாம் நாள் தட்டணுக்கள் 1,70,000. ஒன்பதாம் நாள், வெளிக்காற்றில் 95 சதவீதச் செறிவுடன் வீடு திரும்பினார்.

அதே லயனில் வேறு இருவருக்குக் காய்ச்சல் என்று அவர் மகன் சொன்னதை வட்டாரச் சுகாதார ஆய்வாளருக்குத் தெரிவித்தோம். இருவரில் ஒருவருக்கு இடுப்புக் கச்சை மடிப்பில் எஸ்கார் இருந்தது. அவர் மாத்திரையிலேயே வீட்டில் குணமானார்.

கலந்துரையாடல் (12 – 20 நிமிடம்)

முதல் இரண்டு நிமிடத்தைச் செவிலியர் சகோதரியிடம் ஒப்படைக்கிறேன். கம்பளிக்குள் இருக்கும் பெண் நோயாளியின் அக்குள், மார்பின் அடிமடிப்பு, தொப்புள், இடுப்பு, தொடையிடுக்கு, பிட்டம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் ஆகிய இடங்களை, குளிர் ஏறாமல் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி எப்படிப் பார்க்கிறார் என்பதை அவர் செய்து காட்டுவார். மீதி ஆறு நிமிடத்துக்கு என்னிடமிருந்து ஒரு கேள்வி: எஸ்கார் கிடைக்கவே இல்லை, எலைசா அறிக்கை இன்னும் வரவில்லை, இதே நோயாளி இன்று மாலை 4 மணிக்கு வருகிறார் என்றால், டாக்சிசைக்கிளினை எந்த மணிக்கு, எந்தக் காரணத்தை எழுதித் தொடங்குவீர்கள்? முதுநிலை முதலாண்டு மாணவர்கள் முதலில் சொல்லட்டும்.