அம்மம்மாவுக்கு, எங்கள் வீட்டுச் சாமான்களின் பேர்கள்

அன்புள்ள அம்மம்மா,

வியாழன் இரவு பஸ்ஸில் வெளிக்கிடுகிறீர்கள் என்று அம்மா சொன்னார். அதற்கு முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். "குப்பைமேனி கட்டிலுக்குக் கீழே சிக்கிட்டான்!" என்று தம்பி கத்தினால் நீங்கள் பயந்துவிடக் கூடாது.

குப்பைமேனி, தரை கூட்டும் வட்ட ரோபோ. உங்கள் வேலியோரம் முளைக்கிற அந்த மூலிகையின் பேர்தான். குப்பையைத் தின்றே மேனி வளர்க்கிறவனுக்கு வேறென்ன பேர் வைப்பது? வெள்ளவத்தைக் கடற்கரையில் இருந்து நாங்கள் காலில் கொண்டுவரும் மணலெல்லாம் அவன் வயிற்றில்தான். சார்ஜ் குறைந்தால் தானாகவே மூலைக்குப் போய்விடுவான். அந்த மூலைக்குப் பேர் 'தாய்வீடு'. அவனுக்கு வீட்டுப்பேரும் உண்டு: மல்லி. கீழ் வீட்டுச் சிங்களப் பிள்ளை கூப்பிடத் தொடங்கியது. அவர்களுக்கு மல்லி என்றால் தம்பி, எங்களுக்குக் கொத்தமல்லி. தனக்கும் ஒரு தம்பி கிடைத்துவிட்டான் என்று எங்கள் தம்பிக்குச் சொல்ல முடியாத சந்தோசம். ஒன்று மட்டும் கவனம்: நூல், வயர், தலைமுடி எல்லாம் அவன் பிரஷில் சுற்றிக்கொள்ளும். சேலைத் தலைப்பைத் தரையில் விடாதீர்கள்.

கரண்ட் கேத்தலுக்குக் கோபாலு. மூன்று நிமிசத்தில் கொதித்துக் குமுறுவான், ஆவி போய்ப் பட்டதும் உள்ளே இருக்கிற தகடு வளைந்து, 'டக்' என்று தானே அடங்கிவிடுவான். "கோபாலுவைக் கிளப்பு" என்று அப்பா சொன்னால் பிளேன்டி வருகிறது என்று அர்த்தம்.

கிரைண்டர் அரையண்ணா. இதை அம்மா வைத்தார், எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பேர். காசு மாதிரியும் கேட்கும், "அரை, அண்ணா!" என்று கெஞ்சுகிற மாதிரியும் கேட்கும். சம்பல் அரைக்கும்போது நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம்.

பிரிட்ஜின் மேல்தட்டு நுவரெலியா. "மீன் நுவரெலியாவில் இருக்கு" என்றால் கறிக்கு முதலே எடுத்து வெளியே வைக்க வேணும்.

ஹோல் ஃபேனுக்குத்தான் உங்கள் தீர்ப்பு வேணும். 'காத்தவராயன்' என்று வைத்தேன். காத்து வருகிறதே! அப்புறம், கோயில் வாசலில் விடிய விடிய கூத்துப் பார்த்த கதையை நீங்கள் சொன்னதும் ஞாபகம் வந்தது. சாமிப் பேரை ஃபேனுக்கு வைக்கலாமா என்று அப்பா யோசிக்கிறார். நீங்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கே மாற்றிவிடுவேன்.

உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு ஒருவரும் பேர் வைக்கவில்லை. அது உங்களுக்கென்று விட்டு வைத்திருக்கிறோம். கடைசிச் சுற்றில் முழு உடம்பும் குலுங்கி, சுவரை விட்டு ஒரு சாண் முன்னுக்கு வந்துவிடும். பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் மூத்த பேத்தி