வயிற்றுவலியோடு விடியற்காலையில் எழுந்தவர்: பொது மருத்துவப் பிரிவு, வாராந்திர டீச்சிங் ரவுண்ட்ஸ்

வணக்கம் சார், வணக்கம் மேடம். ஹவுஸ் சர்ஜன்கள் எல்லாரும் கொஞ்சம் முன்னால் வந்து நில்லுங்கள். நோயாளி சம்மதம் கொடுத்திருக்கிறார். பெயர், ஊர் சொல்லப்போவதில்லை. நோயின் பெயரையும் இப்போதே சொல்ல மாட்டேன். கேஷுவால்டியில் எங்களுக்குத் தகவல் எந்த வரிசையில் கிடைத்ததோ, அதே வரிசையில் உங்களுக்கும் தருகிறேன்.

32 வயதுப் பெண். விவசாயக் கூலி. முன்பு எந்த நோயும் இல்லை. எட்டு நாளுக்கு முன்பு காலை 7.40-க்கு கணவர் ஆட்டோவில் கூட்டிவந்தார். புகார் மூன்று: நான்கு மணி நேரமாக வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி, ஒன்றரை மணி நேரமாகக் கண்ணைத் திறக்க முடியவில்லை.

முதல் நாள் இரவு ஒன்பதரைக்கு வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட அதே சோறும் குழம்பும்தான் சாப்பிட்டிருக்கிறார். பத்து மணிக்குப் படுக்கை. மூன்றரைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். தொப்புளைச் சுற்றி முறுக்கும் வலி, அப்புறம் வாந்தி. ஐந்து மணிக்குப் பக்கத்து கிளினிக்கில் வாயுத் தொல்லை என்று ஒரு ஊசி. ஆறு மணிக்கு, "கண்ணு சொக்குது, தொண்டையில ஏதோ அடைக்குது" என்றாராம். ராத்திரி தூங்காததாலும் ஊசி போட்டதாலும் அப்படி இருக்கும் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்ததும்தான் பயந்துபோய்க் கிளம்பினார்கள்.

காய்ச்சல் இல்லை, பேதி இல்லை. பூச்சிமருந்து எதுவும் வீட்டில் இல்லை, சண்டை சச்சரவும் இல்லை. இதைக் கணவரிடமும் நோயாளியின் மாமியாரிடமும் தனித்தனியாகக் கேட்டோம். இதற்கு முன் மாலையில் இமை சரிந்ததோ, இரட்டையாகத் தெரிந்ததோ கிடையாது. அண்மையில் தொண்டைப் புண் இல்லை. பாம்பு ஏதாவது கடித்ததா என்று கேட்டேன். "இல்லைங்க டாக்டர், அப்படி எதுவும் இல்லை" என்றார் கணவர்.

இங்கே நிறுத்திக்கொண்டிருந்தால் ஹிஸ்டரி முடிந்துவிட்டது என்று எழுதியிருப்பேன். எங்கள் சீனியர் ரெசிடென்ட் அக்கா கேள்வியை மாற்றிக் கேட்டார்: "ராத்திரி எங்க படுத்திருந்தாங்க?" தரையில், பாயில், குழந்தையோடு. சுவரோரம் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது. எலி உண்டா? உண்டு. அன்று மழை பெய்ததா? பெய்தது. நடுவில் எழுந்தார்களா? கணவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒரு மணி இருக்குங்க. எறும்பு கடிக்குதுன்னு காலைச் சொறிஞ்சிட்டு மறுபடியும் படுத்துட்டா."

இந்த ஒரு வாக்கியம் வருவதற்குள் ஆறு நிமிடம் போயிருந்தது. பாம்பு கடித்ததா என்ற கேள்விக்கு அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த பாம்புக்கடி வலிக்கும், வீங்கும், பல் பதிந்த தடம் தெரியும். தெரியாத ஒன்றை அவர் எப்படிச் சொல்வார்?

பரிசோதனைக்கு வருகிறேன். நினைவு முழுமையாக இருந்தது, சொன்னதைச் செய்தார். பல்ஸ் 112, பிபி 150/96, மூச்சு நிமிடத்துக்கு 24, காற்றில் சாச்சுரேஷன் 95, காய்ச்சல் இல்லை. இரண்டு இமைகளும் பாதிக்கு மேல் சரிந்திருந்தன. மேலே பார்க்கச் சொன்னால் கருவிழி நகராமல் நெற்றிதான் சுருங்கியது. கண் பாப்பா 4 மி.மீ., வெளிச்சத்துக்கு மந்தமாகச் சுருங்கியது. வாயோரம் எச்சில் தேங்கி நின்றது, விழுங்க முடியவில்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னோம், தூக்க முடியவில்லை. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னபோது 11 வரை வந்தார். தோளிலும் இடுப்பிலும் பலம் 4/5, தசைநார் அனிச்சைகள் குறைவு, உணர்ச்சி இயல்பு, பாதத் தொடுகைக்கு விரல் கீழ்நோக்கியே மடங்கியது. வயிறு மெத்தென்று இருந்தது. உச்சி முதல் பாதம் வரை, விரல் இடுக்கு, தலைமுடிக்குள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தோம். கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை.

சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து அசைக்காமல் வைத்தோம். இருபதாவது நிமிடம் சாய்த்தால் நன்றாக உறைந்திருந்தது. பொட்டாசியம் 3.2. இசிஜி-யில் வேகத் துடிப்பு தவிர ஒன்றுமில்லை.

சரி, இப்போது ஹவுஸ் சர்ஜன்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் மனதில் முதலில் ஓடியது பூச்சிமருந்துதான். நம் வார்டில் அது அவ்வளவு சாதாரணம். ஆனால் ஆர்கனோபாஸ்பரஸ் என்றால் பாப்பா ஊசிமுனையாக இருக்க வேண்டும், வியர்த்துக் கொட்ட வேண்டும், தசை துடிக்க வேண்டும், வாடை அடிக்கும். எதுவும் இல்லை. கில்லன் பாரே பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும், நாள்கணக்கில் நகரும். இங்கே கண்ணில் தொடங்கி கீழே இறங்கியது, அதுவும் மணிக்கணக்கில். மயஸ்தீனியா வயிற்றுவலியோடு விடியற்காலையில் எழுப்பாது. மூளைத்தண்டில் பக்கவாதம் என்றால் நினைவு மங்கலோ, பாதச் சோதனையில் மாற்றமோ எதிர்பார்ப்போம். பொட்டாசியக் குறைவால் வரும் வாதம் கண்ணை விட்டுவைக்கும்; 3.2 அதற்குப் போதாது. மிக நெருக்கமாக வருவது பாட்டுலிசம். அதுவும் மேலிருந்து கீழே இறங்கும். ஆனால் அதே குழம்பைச் சாப்பிட்ட மூன்று பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, பதப்படுத்திய உணவு எதுவும் சாப்பிடவில்லை.

தரையில் தூக்கம், விடியலில் வயிற்றுவலி, இமைச் சரிவு, மூச்சுத் தசைத் தளர்ச்சி, உறையும் ரத்தம், வீக்கமில்லாத தோல். இவை எல்லாம் சேர்ந்தால் கட்டுவிரியன் கடி. பாம்பைப் பார்க்கவில்லை, கடிவாய் இல்லை என்பவை இந்த நோயறிதலுக்கு எதிரானவை அல்ல. கட்டுவிரியனின் பல் சிறியது, கடி பெரும்பாலும் வலிக்காது, அது இரவில் நடமாடுவது. நல்ல பாம்பும் நரம்பைத்தான் தாக்கும், ஆனால் பொதுவாகக் கடித்த இடம் வீங்கும், கடிபட்டவர் விழித்துக்கொள்வார்.

8.05-க்கு பத்து குப்பி ஏஎஸ்வி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்துக்கு ஏற்றத் தொடங்கினோம். டெஸ்ட் டோஸ் போடவில்லை. அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அட்ரினலினை சிரிஞ்சில் எடுத்து வைத்திருந்தோம். 8.20-க்கு உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. ஏஎஸ்வி-யை நிறுத்தி, தொடைத் தசையில் அட்ரினலின் 0.5 மி.கி. போட்டோம். தடிப்பு அடங்கியதும் 8.45-க்கு மெதுவாக மறுபடி தொடங்கினோம். இதற்கிடையில் அட்ரோபின் 0.6, நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. கொடுத்து இமைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தோம். அரை மணி கழித்தும் அதே 4 மி.மீ. பலன் இல்லாததால் அதைத் தொடரவில்லை.

9.10-க்கு எண்ணிக்கை 4-க்கு வந்தது, சாச்சுரேஷன் 91. ரத்த வாயுவில் பிஎச் 7.29, கார்பன் டையாக்ஸைடு 58. தாமதிக்காமல் டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தோம். தளர்ச்சி கூடிக்கொண்டே போனதால் பத்தரைக்கு இன்னும் பத்து குப்பி. மொத்தம் 20, அதற்கு மேல் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும் சார். அன்று காலை ரவுண்ட்ஸில் கண் திறக்கவில்லை, வலிக்கு அசைவில்லை, அனிச்சை ஒன்றும் இல்லை, பாப்பா இரண்டும் 6 மி.மீ. விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. தாளில் மட்டும் பார்த்தால் மூளைச்சாவு என்றே தோன்றும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற உறவினர் ஒருவர், "இனிமே பொழைக்குமா, இல்ல கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று கேட்டார். அவரை நான் வெளியே அழைத்துப் போய்ப் பதில் சொல்லியிருக்க வேண்டும். கட்டிலருகிலேயே பேசினேன்.

அன்று மாலை பார்வை நேரத்தில் குழந்தையைக் காதருகே பேசச் சொன்னார் ஐசியு சிஸ்டர். மானிட்டரில் பல்ஸ் 96-லிருந்து 124-க்கு ஏறியது. இடது கண்ணோரம் நீர் வழிந்தது. மறுநாள் அதே சிஸ்டர்தான், "கால் பெருவிரலை ஆட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை விலக்கிக் காட்டினார். விரல் அசைந்தது, நெல்மணி அளவு. அதற்குப் பிறகு தூக்க மருந்தைச் சரிசெய்தோம், கண்ணில் களிம்பு போட்டு இமையை மூடி ஒட்டினோம். சளி உறிஞ்சும் முன்னால் "இப்ப இருமல் வரும்மா" என்று சொல்லிவிட்டே செய்தோம்.

ஐந்தாம் நாள் புருவம், ஆறாம் நாள் இமை, ஏழாம் நாள் தலையைத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தினார். அன்று மதியம் டியூப் எடுத்தோம். இன்று ஒன்பதாம் நாள், இட்லி சாப்பிடுகிறார், பிடித்துக்கொண்டு நடக்கிறார். முதல் பேச்சே, "என்னைக் கூட்டிட்டுப் போகப் போறாங்கன்னு நினைச்சேன் டாக்டர்."

விவாதத்துக்கு என் மனதில் இருப்பவற்றைச் சொல்கிறேன். பெரியது நியோஸ்டிக்மின் ஏன் பலிக்கவில்லை என்பது. இந்த விஷத்திலுள்ள பீட்டா பங்காரோடாக்ஸின் நரம்பு முனையையே சிதைக்கிறது. அசிட்டைல்கோலின் வெளியே வந்தால்தானே அது கரையாமல் தடுப்பதால் பயன்? நல்ல பாம்பு விஷம் முக்கியமாகத் தசைப் பக்கத்து ஏற்பியை அடைக்கிறது, அதனால் அங்கே இந்த மருந்து வேலை செய்யும். சிதைந்த நரம்பு முனை மறுபடி முளைக்க நாள்கள் வேண்டும். ஏஎஸ்வி ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும், நடந்துவிட்ட சேதத்தைத் திருப்பாது. இவரைக் காப்பாற்றியது ஆறு நாள் வென்டிலேட்டர்.

அப்படியானால் இரண்டாவது பத்து குப்பி தேவைதானா? நான் கொடுத்தது நெறிமுறைப்படி. ஆனால் கடித்து ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது, ஒரு முறை ஒவ்வாமையும் வந்திருந்தது. சார் உங்கள் கருத்து இதில் எனக்கு முக்கியம். பாப்பா விரிந்து நின்றாலும் கட்டுவிரியன் கடியில் மூளைச்சாவுச் சோதனைக்கு இடமில்லை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு கேள்வி: அந்த கிளினிக்கில் ஐந்து மணிக்கு நீங்கள் இருந்திருந்தால், இமை சரியாத அந்த நேரத்தில், எதைக் கேட்டிருப்பீர்கள்? இந்த கேஸைப் படிவத்தில் தெரிவித்துவிட்டோம்; 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக்கடி அறிவிக்க வேண்டிய நோய். டிஸ்சார்ஜ் தாளில் மருந்துக்குக் கீழே கட்டில், பாய்க்கு அடியில் செருகிய கொசுவலை, நெல் மூட்டையை வேறு இடத்துக்கு மாற்றுவது என்று எழுதியிருக்கிறேன். கட்டில் வாங்க வசதி இல்லை, வலை வாங்கிவிடுகிறோம் என்றார் கணவர்.

14-ஆம் படுக்கைக்குப் போகலாம் சார். இமையையும் கழுத்துப் பலத்தையும் பார்க்க வேண்டும். ஹிஸ்டரியில் நான் விட்டது ஏதாவது இருந்தால் அவரிடமே கேட்கலாம், இப்போது நன்றாகப் பேசுகிறார்.