வாடகை உயர்வு அறிவிப்பு

மதுரை, கே.கே.நகர்
5.1.2026

முதல் மாடியில் குடியிருக்கும் திரு. முருகேசன் அவர்களுக்கு,

தம்பி, கீழ்வீட்டிலிருந்து சரோஜா எழுதுகிறேன். மாடிப்படியில் நின்று வாய்வார்த்தையாகச் சொன்னால் பிறகு இருவருக்கும் கணக்கு மாறிப்போகும். அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

நீங்கள் 2021 ஜூனில் குடிவந்தீர்கள். ஊரடங்கு நேரம், வீடும் ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அதனால் 9,000 ரூபாய்க்குப் பேசினோம். அதன்பிறகு ஒவ்வொரு முறை அக்ரிமெண்ட் புதுப்பித்தபோதும் அதே தொகைதான்.

மறு வருஷமே அரசு சொத்து வரியை உயர்த்தியது. 600 முதல் 1,200 சதுர அடி வரை உள்ள நம் வீடு போன்றவற்றுக்குப் பாதிப் பங்கு கூடியது. அதை நானே சமாளித்துக்கொண்டேன். ஆனால் போன வருஷச் செலவு கை மீறிப் போய்விட்டது. ஐப்பசி மழையில் உங்கள் சமையலறை மூலையில் ஒழுகி, அடுப்பு மேடையில் குண்டான் வைத்து நீர் பிடித்தீர்களே, அந்தத் தளத்தை முழுவதும் கொத்தி எடுத்துப் புதிதாகத் தட்டோடு பதித்ததில் 1,62,000 ரூபாய் ஆனது. போரில் தண்ணீர் இறங்கியதால் குழாயை இன்னும் ஆழமாக இறக்கி மோட்டாரும் மாற்றினேன், அது 48,000. ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன, வந்து பார்க்கலாம். ஒழுகல் சரிசெய்வது வீட்டுக்காரர் கடமைதான், முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்டவில்லை.

புதிய வாடகை 11,000 ரூபாய். ஒரேயடியாக 2,000 கூட்டினால் சம்பளக்காரர் வீட்டில் இடிக்கும் என்று எனக்கும் தெரியும். எனவே ஏப்ரல் வரை பழைய 9,000 மட்டும் கொடுங்கள். மே 2026 முதல் 10,000. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், தீபாவளி எல்லாம் கழிந்து, ஜனவரி 2027 முதல்தான் 11,000. அதன்பிறகு 2028 டிசம்பர் வரை ஏற்ற மாட்டேன். என் மகன் 13,000 கேட்கச் சொன்னான். மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் வாடகை தருபவர்களிடம் அப்படிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அட்வான்ஸ் 30,000 அப்படியே இருக்கட்டும், கூடுதலாக வேண்டாம். பொது மோட்டார், மாடிப்படி விளக்குக்கான கரண்ட் பில் வழக்கம்போல் என் கணக்கில். உங்கள் சமையலறைச் சுவரில் ஈரம் பட்டு உப்புப் பூத்த இடத்தைத் தை முடிவதற்குள் பட்டி பார்த்து வெள்ளையடித்துத் தருகிறேன்.

இந்தத் தொகை ஒத்துவரவில்லை என்றால் பிப்ரவரி 15-க்குள் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். வேறு வீடு பார்ப்பதாக இருந்தால் பெரிய பரீட்சை முடிந்து மே கடைசி வரை 9,000-லேயே இருக்கலாம். சாவி கொடுக்கும் நாளில் அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிடுவேன். பாக்கி கரண்ட் பில் இருந்தால் அதை மட்டும் கழிப்பேன், பெயிண்ட் கூலி என்று எதையும் பிடிக்க மாட்டேன்.

இரண்டு பிரதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கையெழுத்திட்டுத் தாருங்கள். அது கடிதம் கிடைத்ததற்கு மட்டும்தான், உயர்வுக்குச் சம்மதம் என்று ஆகாது.

இப்படிக்கு,
சரோஜா
(வீட்டு உரிமையாளர்)