ரத்தம் நீர்க்கும் மாத்திரையோடு எந்த வயிற்று மருந்து சேரும்?

காவேரிப்பட்டணம்

தம்பிக்கு வணக்கம். சாயங்காலம் உங்கள் கடைக் கூட்டத்தில் நின்று இதையெல்லாம் கேட்க முடியவில்லை, அதனால் எழுதி மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். என் மாத்திரைச் சீட்டையும், ரத்தம் உறையும் அளவைப் பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட் நோட்டையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

எனக்கு இதயத்தில் வால்வு மாற்றியது உங்களுக்குத் தெரியும். ரத்தம் நீர்க்க அசிட்ரோம் 2 மி.கி. தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போடுகிறேன், ஐ.என்.ஆர். 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது பதினைந்து நாளாக நெஞ்செரிச்சல். களியும் கொள்ளு ரசமும் சாப்பிட்டால்கூட புளிச்ச ஏப்பம் வருகிறது, ராத்திரி படுத்தால் தொண்டை வரைக்கும் எரிகிறது.

கைக்கு வந்ததை வாங்கிப் போட எனக்குப் பயம். போன ஆடியில் வயிற்றுப்போக்கு என்று வேறொரு கடையில் கேட்டதற்கு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மெட்ரோனிடசோல் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் பல் தேய்த்துத் துப்பினால் வாஷ்பேசின் முழுக்க சிவப்பு, முழங்கையில் எங்கே இடித்தது என்றே தெரியாமல் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. டெஸ்ட் எடுத்தால் 5.8. அந்த மாத்திரை அசிட்ரோமின் வேகத்தை ஏற்றிவிடும் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார்.

அதனால் கேட்கிறேன். ஓமிபிரசோல், பான்டோபிரசோல், ஃபமோடிடின், இந்த மூன்றில் எது எனக்குச் சரி? பான்டோபிரசோல் போட்டாலும் ஆரம்பித்த ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டுமா? வீட்டில் சுக்ரால்ஃபேட் சிரப் பாதி பாட்டில் இருக்கிறது, அது மற்ற மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே, அசிட்ரோமுக்கும் அதற்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும்? ரோஸ் கலர் ஜெலுசில் தண்ணி மருந்துக்கும் அதே கணக்குதானா?

இன்னொன்று. என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். ஓமிபிரசோல் அந்த மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்று அவருடைய டாக்டர் பான்டோபிரசோல்தான் எழுதியிருக்கிறார். எங்கள் இரண்டு பேர் மாத்திரையும் ஒரே பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கிறது, நான் அவருடையதிலிருந்து ஒன்று எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

மலம் தார் மாதிரி கருப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நான் இரும்புச்சத்து மாத்திரையும் போடுகிறேன், அதனாலும் கருப்பாகும் என்கிறார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? இதுவரைக்கும் அப்படி எதுவும் இல்லை.

பதிலை இந்தக் காகிதத்தின் பின்பக்கமே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். டாக்டரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள், திங்கட்கிழமை கிருஷ்ணகிரி வரும்போது பார்த்துவிடுகிறேன். அதுவரைக்கும் எதையும் போடாமல் இருக்கிறேன்.

இப்படிக்கு,
மாந்தோப்பு வீட்டு அக்கா