எங்கள் வெள்ளவத்தைக் கடை: படம், ரிவியூ, மேசைப் பதிவு – அடுத்த மூன்று மாதத் திட்டம்

சித்தப்பா, சித்தி, கல்லாவில் இருக்கும் தம்பி, மூவரும் வாசிப்பதற்காக எழுதுகிறேன்.

போன திங்கள் இரவு மாடி ஜன்னலில் நின்றபோது பார்த்தேன். ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து நம் ஷட்டருக்கு முன்னால் இறங்கியது. கூடவே கைத்தடியோடு ஒரு பாட்டி. மகன் போனைக் காட்டி, "திறந்திருக்கு என்றுதானே போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே நின்றார். திங்கள் நமக்கு விடுமுறை என்பது நமக்குத் தெரியும், கூகுளுக்குத் தெரியாது. நாம் சொல்லவே இல்லை. அவர்கள் காலி வீதி ஓரத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். அன்று இரவு முழுக்க எனக்கு அதே நினைப்பு.

அதனால் திட்டம் இதுதான்: போனில் இருப்பதும் கடையில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வாரம்: கூகுள் மேப்

கணக்கை நம் பெயரில் உறுதிப்படுத்தி, நேரத்தைத் திருத்துவேன். திங்கள் பூட்டு. மற்ற நாட்களில் காலை 11.30 முதல் 3 வரை, மாலை 6 முதல் 10 வரை. தீபாவளி, தைப்பொங்கல், வருடப் பிறப்பு போன்ற நாட்களுக்கு விசேட நேரம் என்று தனியாகப் போடலாம். அதை ஒரு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். திகதியைச் சித்தி எனக்குச் சொல்லுங்கள்.

வகை "Sri Lankan restaurant". விவரத்தில் ஊரின் பெயரை Wellawatte, Wellawatta என்று இரண்டு விதமாகவும் எழுதுவேன், சனம் இரண்டு மாதிரியும்தான் தட்டுகிறது. "Jaffna crab curry" என்று தேடுபவரும் "யாழ்ப்பாண நண்டுக்கறி" என்று தேடுபவரும் ஒரே சட்டியைத்தான் தேடுகிறார்கள். மெனுவில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்க வேண்டும். சிங்களப் பெயர்களைப் பக்கத்துப் புத்தகக்கடை அண்ணாவிடம் காட்டிச் சரிபார்ப்பேன்.

தேடலில் முன்னுக்கு வருவதற்குக் கூகுள் மூன்று விஷயம் பார்க்கிறது: தேடும் ஆள் எவ்வளவு கிட்ட நிற்கிறார், அவர் கேட்பது நம்மிடம் இருக்கிறதா, கடையை எத்தனை பேர் அறிவார்கள். தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்தான் இருக்கின்றன. காசு கொடுத்தால் முதல் இடத்தில் போடுகிறோம் என்று யாராவது போன் எடுத்தால், தயவுசெய்து ஒன்றும் கொடுக்க வேண்டாம். அந்த இடத்தைக் கூகுள் விற்பதில்லை.

வாசலில் இரண்டு படி இருக்கிறது, வாகனத்தைப் பின் ஒழுங்கையில் விடலாம், புகையிரத நிலையம் நடக்கும் தூரம்: இவற்றையும் எழுதிவைப்பேன். அந்தப் பாட்டி போன்றவர்களுக்குச் சாப்பாட்டின் விலையை விடப் படிதான் முக்கியம்.

படங்கள்

இப்போது நம் கூகுள் பக்கத்தில் இருக்கும் படங்களில் பாதி, வாடிக்கையாளர்கள் இரவில் டியூப் லைட்டின் கீழ் எடுத்தவை. சொதி பச்சையாகத் தெரிகிறது. அவர்கள் போட்ட படத்தை நாம் அழிக்க முடியாது. நல்ல படங்களை மேலும் மேலும் போடத்தான் முடியும்.

புதன், சனி காலை 11 மணிக்கு, கடை திறக்க முன்னம், கடல் பக்க ஜன்னலோரம் இருக்கும் மூன்றாம் மேசையில் எடுப்போம். அந்த நேரம் வெயில் நேரே விழாது, வெளிச்சம் மட்டும் வரும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். நண்டுக்கறியை வெள்ளைக் கோப்பையில் போடாமல் சமைத்த சட்டியோடே கொண்டுவாருங்கள் சித்தி, கரண்டி பட்ட தடம் இருந்தால் இன்னும் நல்லது. பிட்டு என்றால் குழலிலிருந்து தள்ளும் அந்த நொடி, ஆவி பறக்கும்போது. போனில் இருக்கும் ஃபில்டர் நிறம் எதுவும் போட மாட்டேன். மஞ்சள் கூடின படத்தைப் பார்த்து வந்தவர் தட்டைப் பார்த்ததும் முகம் மாறும்.

அளவும் உண்மையாக இருக்க வேண்டும். மூன்று பேர் சாப்பிடும் நண்டை ஒருவருக்கானது போல் படம் பிடிக்கக் கூடாது. நண்டு விலை நாளுக்கு நாள் மாறுவதால் படத்தோடு விலை போடாமல், அன்றைய விலையை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் காலை போடுவோம். இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மேலே மூன்று பதிவுகளைப் பின் செய்து வைக்கலாம்: மெனு, வழி, மேசைப் பதிவு எண். ஒவ்வொரு பதிவிலும் இடத்தை டேக் செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை சைவச் சமையலுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்திருக்கிறீர்களே, அதை ஒரு சிறு வீடியோவாக எடுப்போம். போனில் நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

ரிவியூ

பில்லோடு ஒரு சிறு அட்டை, அதில் கியூஆர். தம்பி காசு வாங்கும்போது, "பிடித்திருந்தாலும் குறை இருந்தாலும் எழுதுங்கோ" என்று ஒரு தடவை சொன்னால் போதும். ரிவியூவுக்கு இலவச வட்டிலாப்பம், கழிவு எதுவும் கிடையாது. கூகுளின் விதி அதை அனுமதிப்பதில்லை. சொந்தக்காரர்களும் எழுத வேண்டாம். மாமியின் ஐந்து நட்சத்திரம் நமக்குத் தேவையில்லை.

எல்லா ரிவியூவுக்கும் ஒரு நாளுக்குள் பதில், எழுதியவரின் மொழியிலேயே. திட்டி எழுதியதற்குப் பதில் போடும் முன் என்னிடம் காட்டுங்கள் சித்தப்பா. கோபத்தோடு எழுதினால், அடுத்து வாசிக்கப் போகும் ஆயிரம் பேரும் அந்தக் கோபத்தைத்தான் பார்ப்பார்கள். போன மாதத்துக் கொத்துப் புகாருக்கு இதைப் போடுகிறேன்:

"வணக்கம். கொத்துக்கு 50 நிமிடம் காக்க வைத்தது எங்கள் பிழை. அன்று கொத்துக் கல்லில் ஒருவர்தான் நின்றார். பார்சல் ஓடர்களை முதலில் போட்டுவிட்டோம். இப்போது இரவு 7 முதல் 9 வரை பார்சலுக்கு வேறு ஆள் நிற்கிறார். பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதற்கு மன்னிக்க வேண்டும். மறுபடி வந்தால் கல்லாவில் சொல்லுங்கள், நானே வந்து கவனிக்கிறேன்."

எழுதிய பிறகு உண்மையாகவே பார்சலுக்கு ஆள் நிற்க வேண்டும். அதைச் சித்தப்பா உறுதிப்படுத்திய பிறகுதான் பதிலைப் போடுவேன். ஒரு கருத்து நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை நீக்கச் சொல்லிக் கேட்க முடியாது. கடைக்கே வராதவர் எழுதியது, தூஷணம், இப்படி விதியை மீறியதை மட்டும் புகார் செய்யலாம்.

மேசைப் பதிவு

மொத்தம் 11 மேசை. அதில் ஐந்தை மட்டும் பதிவுக்கு விடுவோம், மற்றவை நேரே வருபவர்களுக்கு. பதிவெல்லாம் வட்ஸ்அப் பிஸ்னஸில், ஒரே எண்ணில். பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ கேட்டாலும் அந்த எண்ணுக்கே அனுப்ப வேண்டும். இரண்டு இடத்தில் எழுதியதால்தான் சென்ற மாதம் ஒரே மேசையை இருவருக்குக் கொடுத்தோம்.

தம்பி `/மேசை` என்று தட்டினால் இந்தப் பதில் வரும்படி வைத்திருக்கிறேன்:

"வணக்கம். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர் என்று சொல்லுங்கள். பெரியவர்கள், கைக்குழந்தை இருந்தால் அதையும் சொல்லுங்கள், வாசலுக்குக் கிட்டவாக மேசை வைப்போம். நண்டு வேண்டும் என்றால் அன்று காலை 10 மணிக்குள் சொல்லிவிடுங்கள். ஞாயிறு ஒடியல் கூழுக்குச் சனி மதியத்துக்குள். மேசையை 20 நிமிடம் வைத்திருப்போம்; பிந்தினால் ஒரு மெசேஜ் போடுங்கள்."

எட்டுப் பேருக்கு மேல் என்றால் ரூபா 3,000 முற்பணம், பில்லில் கழிப்போம். உறுதியானதும் உடனே கல்லாவிலிருக்கும் கொப்பியில் எழுதுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் கொப்பி இருக்கும். பூட்டியிருக்கும் நேரம் வரும் மெசேஜுக்கு, "நாளை 11 மணிக்குப் பதில் சொல்வோம்" என்று தானாகப் போகும். 11 மணிக்குத் தம்பி சொல்லியே ஆக வேண்டும்.

விளம்பரத்துக்கு முதல் மாதம் ஒரு சதமும் செலவில்லை. மாத முடிவில் மேப்பிலிருந்து எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று பார்த்து, கொப்பியில் இருக்கும் பதிவுகளோடு ஒப்பிடுவோம். திங்கள் கடை பூட்டு என்பதால் அன்று மாலை 4 மணிக்கு மூன்றாம் மேசையில் உட்காருவோம். சித்தி, தேநீர் நான் போடுகிறேன்.