பள்ளி ஆப்: 6-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவுப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் திங்கள்கிழமை முதல் வீட்டுப்பாடமும் வருகைப்பதிவும் பள்ளி ஆப்பில் வரும். வாட்ஸ்அப் குழுவில் மற்ற செய்திகளுக்கு நடுவே வீட்டுப்பாடத்தைத் தேட வேண்டியிருக்கிறது என்று பலர் சொன்னீர்கள். இனி அங்கே போட மாட்டேன்.

சேர்க்கையின்போது நீங்கள் கொடுத்த மொபைல் எண்ணை ஆப்பில் போட்டால் ஓடிபி வரும். பல வீடுகளில் அப்பாவின் எண்தான் பதிவில் இருக்கிறது, பாடம் பார்ப்பதோ அம்மா அல்லது பாட்டி. இரண்டாவது எண்ணையும் டைரியில் எழுதி அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன். ஓடிபியை யாரிடமும் சொல்ல வேண்டாம், என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும். கட்டணம் எப்போதும்போல் அலுவலகத்தில்தான். ஆப்பில் பணம் கட்டச் சொல்லி எதுவும் வராது.

அப்புறம், வருகைப்பதிவு. இந்த ஆப்பில் எனக்கு முக்கியமானது இதுதான். காலை 9.15-க்கு வருகை எடுப்பேன். வராத பிள்ளையின் வீட்டுக்கு 9.30-க்குள் செய்தி வந்துவிடும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறீர்கள் என்றால் 8.30-க்குள் 'விடுப்பு' பகுதியில் ஒரு வரி எழுதுங்கள். பிள்ளையை அனுப்பிவிட்டீர்கள், ஆனால் 'வரவில்லை' என்று செய்தி வருகிறது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

போன வாரம் சோதித்துப் பார்த்தபோது ஒரு வேன் பஞ்சராகித் தாமதமானது. அதில் வர வேண்டிய பிள்ளையின் அம்மாவுக்கு வேலையிடத்தில் செய்தி போய்விட்டது. போனில் அவர் குரல் நடுங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பையோடு வாசலில் வந்து நின்றாள். போனை அவளிடம் கொடுத்தேன். "அம்மா, நான் வந்துட்டேன்மா" என்றாள். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி வேன் தாமதம் என்றால் ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு 'தாமதம்' என்று பதிவேன்.

வீட்டுப்பாடம் மாலை 5 மணிக்குள் வந்துவிடும், பெரும்பாலும் கரும்பலகையின் படமாகவே. பிள்ளைகள் டைரியிலும் எழுதிக்கொள்வார்கள். எழுதும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. 'பார்த்தேன்' என்பதை அழுத்தினால் நீங்கள் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். நோட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், வகுப்பில் நானே திருத்துவேன். இதற்காகப் பிள்ளை கையில் போனைக் கொடுக்கவும் வேண்டாம்.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள் கவலைப்பட வேண்டாம். டைரி போதும். வரவில்லை என்ற செய்தி சாதாரண போனுக்கும் எஸ்எம்எஸ்ஸாக வரும்.

சில போன்களில் பேட்டரி சேமிப்பு இருந்தால் ஆப்பின் அறிவிப்பு வராமல் போகிறது. செட்டிங்ஸில் இந்த ஆப்புக்கு மட்டும் அதை நிறுத்திவிடுங்கள். புரியவில்லை என்றால் வெள்ளிக்கிழமை மாலை 4 முதல் 5 வரை வகுப்பறையில் இருப்பேன். போனைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து செய்துவிடலாம்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை, 6 'ஆ'